வெட்டுக்கு முன் மூன்று சோதனைகள்

பின்னல் துணி சாயப்பட்டறையில் ஈரமாக இருக்கும்போதே நீளவாக்கில் இழுபடுகிறது. கண்ணிகள் நீண்டபடியே காய்ந்து ரோலாகி விடுகின்றன. வீட்டில் முதல் தண்ணீர் பட்டதும் அவை பழைய வடிவத்துக்குத் திரும்புவதால் சட்டை குட்டையாகிறது. திருப்பூரில் பெருமளவு தைக்கப்படும் பருத்தி சிங்கிள் ஜெர்சிக்கு இந்தக் குணம் அதிகம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சுருங்கும் அளவைத்தான்.

ரோலின் முனை இழுபட்டிருக்கும். சற்று உள்ளே தள்ளித் துண்டு எடுக்க வேண்டும். அதை ஓர் இரவு மேசையில் தளர்வாக விரித்து வைத்த பின், நீளத்திலும் அகலத்திலும் 50 செ.மீ. இடைவெளியில் அழியாத மையால் புள்ளிகள் இடப்படுகின்றன. வாங்குபவர் எப்படித் துவைத்து உலர்த்துவாரோ அப்படியே துவைத்து உலர்த்தி, மறுபடி தளரவிட்டு அளக்க வேண்டும். ஈரத்தோடு அளந்தால் கணக்கு தவறும். ஒரே துவைப்பில் முழுச் சுருக்கமும் வந்துவிடாது என்பதால் மூன்று முறை துவைப்பது நல்லது.

நீளத்தில் 50 செ.மீ. 46 ஆகியிருந்தால் சுருக்கம் 8 சதவீதம். 70 செ.மீ. நீளத்தில் தைத்த டி-ஷர்ட் 64.4 செ.மீ. ஆகிவிடும். பேட்டர்னைப் பெரிதாக்கி இதைச் சரிசெய்யலாம் என்று பலர் 70உடன் 8 சதவீதம் கூட்டி 75.6 செ.மீ. வெட்டுவார்கள். அது சுருங்கினால் 69.6தான் வரும். 70ஐ 0.92ஆல் வகுத்து 76.1 எடுப்பதே சரி. ஆனாலும் இவ்வளவு சுருங்கும் துணியைக் காம்பாக்டிங்குக்குத் திருப்பி அனுப்புவதே மேல். அங்கே நீராவியில் தளர்த்தி, நீளவாக்கில் நெருக்கிச் சுருக்கத்தைக் குறைப்பார்கள். துணி நெருங்குவதால் ஜி.எஸ்.எம். கூடும், அதையும் மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்தது சாயம் ஒட்டுதல். வெள்ளைப் பருத்தித் துண்டு சுற்றிய விரல் போன்ற முனை, துணிமீது 10 முறை முன்னும் பின்னும் தேய்க்கப்படுகிறது. முதலில் உலர்ந்த துண்டால், பிறகு நனைத்த துண்டால். துண்டில் ஏறிய கறையைச் சாம்பல் அளவுகோலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பு தருவர். 5 என்றால் கறையே இல்லை. கருப்பும் கருநீலமும் உலர் சோதனையில் 4 வாங்கிவிட்டு, ஈரச் சோதனையில் 2க்கு இறங்குவது வழக்கம். நூலோடு பிணையாத சாயத்தைச் சோப்பு நீரில் முழுக்கக் கழுவாமல் விடுவது முக்கியக் காரணம். வெள்ளைக் காலர் வைத்த கருநீலச் சட்டைக்கு அந்த 2 போதாது.

மேற்பரப்பில் உருண்டை கட்டுவதைச் சோதிக்க, ரப்பர் போன்ற குழாய்களில் துணியை மாட்டி, தக்கை பதித்த பெட்டிக்குள் மணிக்கணக்கில் உருட்டுகிறார்கள். பருத்தி உருண்டைகள் பல தாமாகவே உதிரும். பாலியஸ்டர் கலந்திருந்தால் வலுவான இழை உருண்டையை விடாமல் பிடித்திருக்கும். என்சைம் கொண்டு பருத்தி இழைமுனைகளை அரிக்கும் பயோ வாஷ் அந்தப் பாலியஸ்டர் இழையைத் தொடாது.

மாதிரிக்கு வந்த சில மீட்டரில் மூன்றும் தேறினாலும், பெரிய தொட்டியில் சாயமேறி வரும் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டை எடுத்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். கத்தி பட்ட துணியைச் சாயப்பட்டறை திரும்ப எடுப்பதில்லை.