8 பைட்டில் சிக்கிக்கொள்ளும் இணையதளம்

வேகச் சோதனை போட்டால் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. யூடியூப் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் வங்கியின் தளத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பக்கம் வருவதில்லை. அதே கணினியைச் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் நொடியில் திறக்கிறது. இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தால், "மற்ற தளமெல்லாம் வருதே சார், அந்தத் தளத்துலதான் பிரச்சினை" என்பார்கள். வங்கியைக் கேட்டால், "எங்க சர்வர் நல்லாத்தான் ஓடுது" என்பார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. கோளாறு பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில், பொட்டலத்தின் அளவில் இருக்கிறது.

இணையத்தில் எதுவும் மொத்தமாகப் போவதில்லை. எல்லாம் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்துதான் பயணிக்கிறது. ஒரு வழித்தடத்தில் ஒரே பொட்டலமாக அதிகபட்சம் எத்தனை பைட் போகலாம் என்ற வரம்புக்கு எம்.டி.யூ. என்று பெயர். வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ள ஈத்தர்நெட் கேபிளுக்கும் வைஃபைக்கும் அது வழக்கமாக 1500 பைட். பல பிராட்பேண்ட் இணைப்புகளோ பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து நுழையும் PPPoE முறையில் வருகின்றன. அந்த முறை ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் 8 பைட் உறை ஒன்றைச் சுற்றும். ஆகவே உள்ளே வைக்க 1492 பைட்டுக்குத்தான் இடம்.

1500 பைட் பொட்டலம் இந்த இடத்துக்கு வந்தால் என்ன ஆகும்? இன்றைய சர்வர்கள் பெரும்பாலும் "இதைப் பிரிக்காதே" என்ற குறியோடுதான் பொட்டலத்தை அனுப்புகின்றன. எனவே வழியில் உள்ள ரவுட்டர் அதைப் போட்டுவிட்டு, "இது பெரிது, 1492-க்குள் அனுப்பு" என்று ஐ.சி.எம்.பி. என்னும் வகைச் செய்தியைச் சர்வருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். சர்வர் அளவைக் குறைத்து மறுபடி அனுப்பும். 1990-இல் வகுக்கப்பட்ட இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் பாதுகாப்பு என்று நினைத்து ஐ.சி.எம்.பி. செய்திகள் மொத்தத்தையும் ஃபயர்வாலில் அடைத்துவைக்கும் சர்வர்கள் நிறைய உண்டு. அப்போது அந்தத் தகவல் வாசலிலேயே நின்றுவிடும். உயரம் குறைந்த ரயில்வே சுரங்கப்பாலத்தில் லாரி மாட்டிக்கொண்ட செய்தி முதலாளிக்குப் போகாததால், அவர் அதே உயரத்தில் அடுத்த லாரியை அனுப்புவதைப் போலத்தான். சில சமயம் ரவுட்டரே தவறான அளவை நம்பிக்கொண்டு தகவலே தராமல் பொட்டலத்தை இழந்துவிடும்.

இணைப்பு கேட்கும் முதல் செய்திகள் சிறியவை, அவை இரு பக்கமும் தடையின்றிப் போய்வரும். அதனால் பிரவுசர் "இணைந்துவிட்டேன்" என்றே நினைக்கிறது. அடுத்து சர்வர் தன் அடையாளச் சான்றிதழை அனுப்ப வேண்டும். அது சில ஆயிரம் பைட் இருக்கும். இரண்டு மூன்று பொட்டலங்கள் முழு அளவில் கிளம்பி வழியிலேயே தொலைகின்றன. கடைசியில் வரும் துண்டுப் பொட்டலம் சிறியது என்பதால் வந்து சேர்ந்துவிடும். முன்னால் வரவேண்டியது வராததால் அதை வைத்துக் கணினியால் ஒன்றும் செய்ய முடியாது. பிழைச் செய்திகூட இல்லாமல் வட்டம் சுற்றுவது இதனால்தான்.

அப்படியானால் யூடியூப் மட்டும் எப்படி வருகிறது? அது பயன்படுத்தும் குயிக் என்ற முறை 1200 பைட் அளவில் தொடங்கி, பெரிய பொட்டலம் போகிறது என்று உறுதியான பிறகே அளவைக் கூட்டும். வேறு சில சர்வர்கள் பதில் வராவிட்டால் தாமாகவே அளவைக் குறைத்துப் பார்க்கும். இந்த ஏற்பாடுகள் இல்லாத தளங்கள்தான் தொங்குகின்றன.

சோதிப்பது எளிது. ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் புதிதாக ஒரு ரவுட்டர் வாங்கி வைத்து, அதிலேயே PPPoE விவரங்களைப் போட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் கணினியில் கமாண்ட் ப்ராம்ட்டைத் திறந்து, முதலில் சாதாரண பிங் போகிறதா என்று பார்க்க வேண்டும். போனால் அடுத்தது இது:

```
ping -f -l 1472 1.1.1.1
```

`-f` என்பது பிரிக்காதே என்ற குறி. 1472 என்பது உள்ளே வைக்கும் சரக்கு. அதன் மேல் தலைப்புகளுக்கு 28 பைட் சேர்ந்து மொத்தம் 1500 ஆகிறது. லினக்ஸில் `ping -M do -s 1472`, மேக்கில் `ping -D -s 1472` என்று அடித்தால் அதே வேலை.

நம் வீட்டில் `Request timed out` என்று வருகிறது. 1400 போட்டால் பதில் வருகிறது. 1450-க்கும் வருகிறது, 1464-க்கும் வருகிறது, 1465-க்கு வரவில்லை. 1464-உடன் 28-ஐக் கூட்டினால் 1492. ஆக, பாதையின் உண்மையான அளவு 1492 என்று தெரிந்துவிட்டது. அதைவிட முக்கியமானது பதில் எப்படி இல்லாமல் போனது என்பது. `Packet needs to be fragmented but DF set` என்று வந்திருந்தால், ரவுட்டருக்கு அளவு தெரிகிறது, அதைச் சொல்லவும் செய்கிறது என்று பொருள். மௌனமாக `Request timed out` வந்தால் பொட்டலம் சொல்லாமல் கொள்ளாமல் தொலைகிறது. ஆனால் சில சர்வர்கள் பெரிய பிங்குக்குப் பதிலே தராது. ஆகவே இரண்டு மூன்று முகவரிகளில் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

முடிவை உறுதி செய்ய இன்னொரு வழி, கணினியின் அளவைத் தற்காலிகமாகக் குறைப்பது. கமாண்ட் ப்ராம்ட்டை நிர்வாகியாகத் திறந்து இதை அடியுங்கள். வைஃபை இணைப்பின் பெயர் வேறாக இருந்தால் அந்தப் பெயரைப் போட வேண்டும்:

```
netsh interface ipv4 set subinterface "Wi-Fi" mtu=1400 store=active
```

இணைப்பு தொடங்கும்போதே கணினி, "ஒரு பொட்டலத்தில் எனக்கு இவ்வளவு சரக்குதான் அனுப்ப வேண்டும்" என்று சர்வரிடம் சொல்லிவிடும். எம்.டி.யூ.வைக் குறைத்தால் அந்தக் கோரிக்கையும் குறையும், சர்வரும் சின்னப் பொட்டலமாகவே அனுப்பும். பிரவுசரை மூடித் திறந்த பின் வங்கித் தளம் வந்துவிட்டால் குற்றவாளி அகப்பட்டது. வராவிட்டால் ஐ.பி.வி.6 வழியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு `ipv4` என்ற இடத்தில் `ipv6` என்று போட்டு இன்னொரு முறை அடிக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. கணினியை மறுபடி தொடங்கினால் இந்த மாற்றம் போய்விடும்.

ஒவ்வொரு கணினியிலும் இப்படி மாற்றிக்கொண்டிருப்பது நிரந்தரத் தீர்வு ஆகாது. டிவியிலும் போனிலும் மாற்ற வழியும் இல்லை. ரவுட்டரின் WAN பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால், நம் வீட்டில் MTU என்ற கட்டத்தில் 1500 என்று இருக்கிறது. அதை 1492 ஆக்க வேண்டும். MSS Clamping என்ற வசதி இருந்தால் அதையும் இயக்க வேண்டும். வீட்டிலுள்ள எந்தச் சாதனம் 1460 பைட் சரக்கு கேட்டாலும், ரவுட்டர் அதை வழியிலேயே 1452 என்று திருத்தி அனுப்பும். பிறகு 1472-ஐ மறுபடி பிங் செய்தால், மௌனத்துக்குப் பதிலாக அந்த `fragmented` செய்தி வர வேண்டும். அளவை 1300, 1200 என்று கண்டபடி குறைப்பதில் பயனில்லை. பொட்டலங்களின் எண்ணிக்கைதான் கூடும். வி.பி.என். போட்டால் அதன் உறைக்கும் இடம் வேண்டும் என்பதால், அதற்கு மட்டும் தனியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

சர்வர் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐ.சி.எம்.பி.யை மொத்தமாக அடைக்காதீர்கள். ஐ.பி.வி.4-இல் வகை 3, குறியீடு 4, ஐ.பி.வி.6-இல் வகை 2. இந்த இரண்டையும் ஃபயர்வாலில் கட்டாயம் அனுமதியுங்கள்.