சொல் மறந்தால் பொருளைச் சொல்லுங்கள்

சென்னையிலிருந்து லண்டனுக்குக் குடிபோன ஒருவர் வீட்டில், சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். குச்சியின் நுனியில் ரப்பர் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் இருக்குமே, அதை வாங்கக் கடைக்குப் போகிறார். அதற்கு ஆங்கிலத்தில் பிளஞ்சர் என்று பெயர். கடைக்காரர் முன்னால் நின்றதும் அந்தச் சொல் மறந்துவிடுகிறது. இனி என்ன செய்வது?

தமிழ் பேசுகிறவர் இந்த இடத்தில் திணறுவதற்கு வாக்கிய வரிசையும் ஒரு காரணம். ‘அடைப்பை எடுக்கிற சாமான்’ என்கிறோம். விளக்கம் முன்னால் வருகிறது, பெயர் கடைசியில் வருகிறது. அதே வரிசையில் ஆங்கிலத்தையும் தொடங்கினால், வாக்கியத்தை முடித்துவைக்க வேண்டிய பெயரே கைவசம் இருக்காது. பேச்சு பாதியில் நின்றுவிடும்.

ஆங்கிலத்தில் பெயர் முதலில் வரும், விளக்கம் பின்னால் வரும். அதனால் மறந்த சொல்லுக்குப் பதில் ஒரு பொதுச்சொல்லை முதலில் போட்டுவிட வேண்டும். பொருளென்றால் ‘எ திங்’, ஆளென்றால் ‘எ பெர்சன்’, இடமென்றால் ‘எ பிளேஸ்’. இந்த மூன்றே பெரும்பாலான பெயர்ச்சொற்களுக்குப் போதும். பொருளுக்குப் பின்னால் ‘யூ யூஸ் டு’, ஆளுக்குப் பின்னால் ‘ஹூ’, இடத்துக்குப் பின்னால் ‘வேர்’ சேர்த்தால் விளக்கத்துக்கு வழி திறந்துவிடும். பிளம்பர் என்ற சொல் வரவில்லையா? ‘எ பெர்சன் ஹூ ஃபிக்சஸ் வாட்டர் பைப்ஸ்’ என்றால் புரிந்துவிடும்.

அகராதிகளும் இப்படித்தான் பொருள் சொல்கின்றன. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1935இல் மாணவர்களுக்காக ஓர் ஆங்கில அகராதியை வெளியிட்டார். சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் அதில் பொருள் சொல்ல அவர் எடுத்துக்கொண்டவை 1,490 எளிய சொற்களே. 1978இல் வந்த லாங்மன் அகராதியும் ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள் எல்லா விளக்கங்களையும் அடக்கியது. அப்படிப்பட்ட அகராதியில் நாளுக்கு இரண்டு சொற்களின் விளக்கத்தை வாய்விட்டுப் படித்தாலே இந்த வாக்கிய அமைப்பு நாக்கில் பழகிவிடும்.

கடைக்கு வருவோம். ‘ஐ நீட் எ திங் ஃபார் தி கிச்சன் சிங்க்’ என்கிறார் நம்மவர். கடைக்காரர் பாத்திரம் தேய்க்கும் பஞ்சை எடுத்துக் காட்டுகிறார். தவறு அவருடையதல்ல; தொட்டிக்கான பொருள்கள் பல உண்டு. எதற்கு என்று சொன்னால்தான் அவை குறையும். ‘தி வாட்டர் டஸன்ட் கோ டௌன்’ என்கிறார். இப்போது அடைப்பு நீக்கும் திரவம் வருகிறது. நெருங்கிவிட்டார், ஆனால் இன்னும் போதவில்லை. பக்கத்துப் பொருளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் அடையாளம் வேண்டும். ‘நாட் எ லிக்விட். இட் ஹாஸ் எ ஸ்டிக் அண்ட் எ ரப்பர் கப்’ என்றதும் கடைக்காரர் முகம் மலர்கிறது: “ஓ, எ பிளஞ்சர்!”

பொதுச்சொல், பயன், பிரித்துக் காட்டும் அடையாளம் என்ற இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பலர் நிறத்தில் தொடங்குகிறார்கள். சிவப்பாக ஆயிரம் பொருள்கள் இருக்கின்றன. இன்னொரு பிழை, ‘இட் இஸ் யூஸ் டு கிளீன்’ என்பது. ‘யூஸ்ட்’ என்று வர வேண்டிய இடம் அது. குழப்பமே வேண்டாமென்றால் ‘யூ யூஸ் இட் டு கிளீன்’ என்று சொல்லிவிடலாம்.

வினைச்சொல் மறந்தால் வழி வேறு. அந்தச் செயலால் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். போஸ்ட்போன் வரவில்லையென்றால் ‘கேன் வி டூ இட் நெக்ஸ்ட் வீக்?’, பாரோ வரவில்லையென்றால் ‘கேன் ஐ யூஸ் யுவர் பென்?’. பண்பைக் குறிக்கும் சொல்லுக்கு ‘நாட்’ சேர்த்த எதிர்ச்சொல் சில வேளை உதவும். ஆனால் அதில் கவனம் தேவை: ‘நாட் ஹாப்பி’ என்றால் துக்கம் என்று ஆகிவிடாது, அதிருப்தியாகவும் இருக்கலாம். கஞ்சனைச் சொல்ல ‘ஹி டஸன்ட் லைக் டு ஸ்பெண்ட் மனி’ என்று அவன் செய்வதைச் சொல்வதே தெளிவு.

இந்த வழி செல்லாத இடமும் உண்டு. மருந்தின் பெயர், அளவு, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவை ஆகியவற்றைச் சுற்றி வளைத்துச் சொல்லக் கூடாது. கேட்பவர் ஊகித்துச் சொல்வதற்கு மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டால் ஆபத்து. அவற்றை எழுதி எடுத்துப் போக வேண்டும்.

கடைக்காரர் சொல்லை எடுத்துக் கொடுத்தபின் நம்மவர் செய்ய வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. சும்மா ‘யெஸ்’ என்று நிறுத்தாமல், கிடைத்த சொல்லை அங்கேயே ஒரு வாக்கியத்தில் வைத்துப் பேசிவிட வேண்டும்: ‘யெஸ், எ பிளஞ்சர். ஹவ் மச் இஸ் தி பிளஞ்சர்?’ தேடித் தவித்த சொல்லை அந்த நிமிடமே இரண்டு முறை வாயால் சொன்னவருக்கு, அடுத்த முறை அது எளிதில் நினைவுக்கு வரும்.