கிரகப்பிரவேசத்துக்கு இலைக் கணக்கு

கிரகப்பிரவேசச் செலவைத் தீர்மானிப்பது இலை எண்ணிக்கை. வாத்தியார் சம்பாவனையும் பூவும் இருபது பேர் வந்தாலும் இருநூறு பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். சாப்பாடும் இடமும்தான் தலைக் கணக்கோடு ஏறும். எனவே எத்தனை பேரை அழைப்பது என்பதோடு, யார் எந்த வேளைக்கு வருவார் என்பதையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

சென்னைப் புறநகரில் ஒரு வீட்டுக்குக் கணக்குப் போடலாம். விலை ஊருக்கு ஊர் மாறும். கை நனைக்க வேண்டியவர்கள் 180 பேர். எல்லோருக்கும் மினி ஹாலில் மதியச் சாப்பாடு என்றால், இலைக்கு 250 ரூபாய் வீதம் 45,000. ஹால் வாடகை தனி; அதற்கு மேல் கரண்டுக்கும் சுத்தம் செய்யவும் வேறு கேட்பார்கள். எதற்கெல்லாம் தனிப் பணம் என்று முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குவது நல்லது.

முகூர்த்தம் விடியற்காலையில் என்றால் அதற்கு வருபவர்கள் உறவினர் 52, தெருக்காரர் 25, வீடு கட்டியவர்கள் 10, வாத்தியாரும் உதவியாளரும் 3 என 90 பேர்தான். மொட்டை மாடியில் பந்தி போட்டு, 140 ரூபாய் வீதம் காலை டிபன் கொடுத்தால் 12,600. மற்ற 90 பேரை மாலையில் அழைத்துச் சுண்டலும் காபியும் கொடுக்க 2,700. ஷாமியானா, நாற்காலி 6,000. வாத்தியாருக்குச் சாமானோடு 9,000, பூவுக்கு 4,000, வேட்டி துண்டுக்கு 4,000. ஆக 38,300. கைச்செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் சுமார் 42,000. சாப்பாடு மட்டுமே விழுங்கியிருக்கும் தொகைக்குள் விசேஷமே முடிகிறது.

சமையல்காரரிடம் சொன்ன எண்ணிக்கைக்குக் குறைவாக ஆள் வந்தாலும் சொன்ன இலைக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். அதனால் 90 என்றே சொல்லி, கூடுதலாகப் பத்து இலை வந்தால் சமாளிக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளலாம். செலவைக் குறைக்க வேண்டுமானால் பலகார வகையைக் குறைக்கலாம். இலையில் விழும் அளவில் கை வைக்கக் கூடாது.

வாத்தியாரிடம் பேரம் பேசுவதைவிட என்னென்ன ஹோமம் என்று பேசுவது மரியாதை. கணபதி ஹோமமும் வாஸ்து சாந்தியும் போதுமா, நவக்கிரக ஹோமமும் வேண்டுமா, கூட எத்தனை பேர் வருவார்கள், சமித்தும் நெய்யும் யார் வாங்குவது, கோ பூஜைக்கு மாடு ஓட்டி வருபவருக்கு யார் கொடுப்பது என்று நாள் குறிக்கும்போதே கேட்டுவிடலாம். பேசிய தொகையைப் பூஜை முடிந்த பின் குறைப்பது அவமதிப்பு.

முகூர்த்த நாளில் மல்லிகை விலை எகிறிவிடும். சுவாமிக்கும் பெண்கள் தலைக்கும் மட்டும் மல்லிகை, நிலைவாசலுக்குச் சாமந்தியும் மாவிலையும் என்று பிரித்துக்கொண்டால் பூச்செலவு அடங்கும். முதல் நாள் மாலை உதிரிப்பூ வாங்கி வீட்டுப் பெண்களும் பாட்டிமார்களும் உட்கார்ந்து தொடுத்தால் இன்னும் குறையும்.

குறைக்கக் கூடாத செலவு வேட்டி துண்டு. கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீஷியன் மூவரையும் வாத்தியார் முன்னிலையில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வைத்துக் கொடுத்து, பந்தியில் உட்காரவைத்த பிறகே அனுப்புவது வழக்கம்.