இருபதாயிரம் ஏறும், முப்பதாயிரம் ஏறாதா?

பவர் பேங்க் வாங்கும்போது நாம் பார்ப்பது பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணைத்தான். பத்தாயிரம், இருபதாயிரம், முப்பதாயிரம் எம்ஏஎச். விமான நிலையத்துப் பாதுகாப்புச் சோதனையில் அந்த எண்ணுக்கு நேரடி மதிப்பு கிடையாது. விதிகள் எல்லாமே வாட் ஹவர் கணக்கில் எழுதப்பட்டவை. அந்த எண் பவர் பேங்கின் முதுகில், கறுப்புப் பிளாஸ்டிக்கில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். செல்போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கினால்தான் படிக்க முடியும்.

விதி சிக்கலானது இல்லை. 100 வாட் ஹவர் வரை உள்ள பவர் பேங்கைக் கைப்பையில் கொண்டுபோக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 100-க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்; அப்படியும் ஒருவருக்கு இரண்டுதான். 160-ஐத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக முடியாது. எந்த அளவாக இருந்தாலும் செக்-இன் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. உலகம் முழுக்கப் பெரும்பாலும் இதுதான் அடிப்படை. இதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்குக்கு இறுக்கிக்கொள்ளும்.

முப்பதாயிரம் எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதுகில் இப்படி அச்சிட்டிருப்பார்கள்:

```
Battery Capacity: 30000mAh 3.7V
Rated Capacity: 18500mAh (5V 3A)
Input: 5V 3A, 9V 2A
Output: 5V 3A, 9V 2.22A, 12V 1.67A
```

இதில் வாட் ஹவர் எங்கே? அச்சிடவில்லை. நாமே கணக்குப் போட்டாக வேண்டும். வாய்பாடு ஒரு வரிதான்:

```
Wh = mAh × V ÷ 1000
```

எம்ஏஎச் எண்ணை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் முடிந்தது. ஆனால் மேலே உள்ள நான்கு வரிகளில் எம்ஏஎச் இரண்டு இடத்தில் இருக்கிறது, வோல்ட் நான்கு விதமாக இருக்கிறது. எதை எதால் பெருக்குவது? பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

எம்ஏஎச் என்பது செல்லுக்குள் எவ்வளவு மின்னூட்டம் அடைத்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். அதை எவ்வளவு அழுத்தத்தில் வைத்திருக்கிறது என்பதைச் சொல்லாது. ஐந்நூறு லிட்டர் தண்ணீர் முதல் மாடித் தொட்டியிலும் இருக்கலாம், நான்காவது மாடித் தொட்டியிலும் இருக்கலாம். லிட்டர் கணக்கு ஒன்றுதான். ஆனால் நான்காவது மாடிக்கு ஏற்ற மோட்டார் எவ்வளவு கூடுதலாக உழைத்தது என்று கரண்ட் பில் சொல்லும். அந்த உயரம்தான் வோல்ட். தண்ணீரின் அளவையும் உயரத்தையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் ஆற்றல் கணக்குதான் வாட் ஹவர். தீப்பிடித்தால் எவ்வளவு வெப்பம் வெளியேறும் என்பதும் இந்த ஆற்றலைப் பொறுத்தது. அதனால்தான் விமானத் துறை எம்ஏஎச்சை விட்டுவிட்டு வாட் ஹவரைப் பிடித்துக்கொண்டது.

லேப்டாப்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 4,400 எம்ஏஎச், 11.1 வோல்ட் என்று போட்ட லேப்டாப் பேட்டரிகள் உண்டு. 5,000 எம்ஏஎச் செல்போனைவிடச் சிறியது போலத் தெரிகிறது அல்லவா? பெருக்கிப் பாருங்கள். லேப்டாப்புக்கு ஏறக்குறைய 49 வாட் ஹவர் வரும். செல்போனுக்கு 3.85 வோல்ட் என்று வைத்தால் 19-ஐச் சொச்சம்.

இனி நம் முப்பதாயிரத்துக்கு வருவோம். பவர் பேங்கின் உள்ளே இருப்பவை லிதியம் செல்கள். அவற்றின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட்; சிலவற்றில் 3.6. முகப்பில் போட்டிருக்கும் முப்பதாயிரம் இந்தச் செல்களின் கணக்கு. ஆகவே முதல் வரியின் இரண்டு எண்களைத்தான் பெருக்க வேண்டும். 30,000-ஐ 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 111 வாட் ஹவர். நூறைத் தாண்டிவிட்டது. நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் இதைக் கொண்டுபோக முடியாது.

இப்போது இரண்டாவது வரி. செல்போனுக்குப் போகும் யூஎஸ்பி வாய் 5 வோல்ட் கேட்கிறது. செல்லில் இருப்பது 3.7. உள்ளே இருக்கும் சர்க்யூட் அதை ஏற்றித் தருகிறது. ஏற்றும்போது கொஞ்சம் சூடாகி வீணாகிறது. மீதி 5 வோல்ட்டில் எவ்வளவு எம்ஏஎச் வெளியே வரும் என்பதுதான் அந்த 18,500. அதை 5-ஆல் பெருக்கினால் 92.5 வாட் ஹவர் வரும். "நூறுக்குள்தானே இருக்கு" என்று நிம்மதியாகப் பையில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. தவறு. அது போனுக்குக் கிடைக்கும் ஆற்றல். விதி கேட்பது செல்லுக்குள் அடைந்திருக்கும் ஆற்றலை. வழியில் வீணாகும் பங்கும் செல்லுக்குள்தானே இருக்கிறது.

தலைகீழாகத் தவறு செய்பவர்களும் இருக்கிறார்கள். இருபதாயிரம் எம்ஏஎச் பவர் பேங்கின் முகப்பு எண்ணை 5 வோல்ட்டால் பெருக்கினால் மிகச் சரியாக 100 வரும். வேக சார்ஜிங் வரியில் உள்ள 12 வோல்ட்டால் பெருக்கினால் 240. இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்து, நல்ல பவர் பேங்கை வீட்டில் விட்டுப் போவார்கள். 3.7-ஆல் பெருக்கினால் வருவது 74 மட்டுமே. தாராளமாகக் கொண்டுபோகலாம். பத்தாயிரம் எம்ஏஎச் என்றால் 37.

இதையே திருப்பிப் போட்டால் எல்லை எங்கே என்று தெரிந்துவிடும். 3.7 வோல்ட்டில் நூறு வாட் ஹவர் என்பது ஏறக்குறைய 27,000 எம்ஏஎச். 26,800 என்ற விசித்திரமான எண்ணோடு பவர் பேங்குகள் வருவது எதேச்சையல்ல. நூறுக்குள் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வெட்டியது. 27,650 என்ற அளவும் சந்தையில் உண்டு. 3.7-ஆல் பெருக்கினால் 102 ஆகிவிடுமே என்று தோன்றும். அதன் செல்கள் 3.6 வோல்ட், பெருக்கினால் 99.54. எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பவர் பேங்க் என்றால் தோராயமாக 3.7 என்று எடுத்துக்கொள்ளாமல், லேபிளில் உள்ள வோல்ட்டையே எடுத்துக்கொள்ள வேண்டும். சில லேபிள்களில் 10,000 எம்ஏஎச், 7.4 வோல்ட் என்று இருக்கும். செல்களை இரண்டிரண்டாகத் தொடரில் கோத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெருக்கினால் அதே 74. எம்ஏஎச்சும் வோல்ட்டும் ஒரே வரியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் கணக்கு பிசகாது.

நடைபாதைக் கடையிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கும் ஐம்பதாயிரம் எம்ஏஎச் சரக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐம்பதாயிரம் என்றால் 185 வாட் ஹவர். நல்ல லிதியம் செல் ஒரு கிலோவுக்குச் சுமார் 250 வாட் ஹவர்தான் தாங்கும். ஆக, செல்கள் மட்டுமே முக்கால் கிலோ அளவுக்கு எடை இருக்க வேண்டும். கையில் எடுத்தால் செல்போன் கனம்கூட இல்லை என்றால், உள்ளே பத்தாயிரம் இருந்தாலே பெரிது. வேடிக்கை என்னவென்றால், சோதனை அதிகாரி பிரித்துப் பார்க்கப் போவதில்லை. லேபிள் ஐம்பதாயிரம் என்றால் அவருக்கு அது 185 வாட் ஹவர்தான். கடைக்காரர் சொன்ன பொய்க்காக, உண்மையில் அனுமதிக்கத்தக்க ஒரு பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதாகும். எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்குக்கும் இதே கதி நேரலாம். கொள்ளளவு தெரியாததை அனுமதிக்க அவர் கடமைப்பட்டவர் இல்லை.

இன்னொரு குழப்பம், கூட்டல். இருபதாயிரம் எம்ஏஎச் பவர் பேங்க் இரண்டு இருந்தால் மொத்தம் 148 ஆயிற்றே என்று கேட்பார்கள். நூறு என்ற வரம்பு ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனி. கூட்ட வேண்டாம். ஆனால் எத்தனை கொண்டுபோகலாம் என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு இருக்கிறது. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு நூறு வாட் ஹவருக்குள் ஒன்றே ஒன்று என்று வைத்திருக்கிறது. அதையும் விமானத்தில் பயன்படுத்தக் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஏற்றுவதையும், பவர் பேங்கையே சார்ஜ் செய்வதையும் தடை செய்தது. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல் அந்நாட்டின் 3சி முத்திரை இல்லாத பவர் பேங்கை ஏற்றுவதில்லை. சரக்கு வாங்கச் சீனா போய், அங்கே ஊர்விட்டு ஊர் பறக்கும் நம் வியாபாரிகளுக்கு இது முக்கியம். 37 வாட் ஹவர்தான் என்று கணக்குக் காட்டினாலும் அங்கே செல்லாது.

இந்த இறுக்கங்களுக்குப் பின்னால் உண்மையான தீ இருக்கிறது. 2025 ஜனவரி 28 இரவு தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், ஹாங்காங் புறப்பட இருந்த ஏர் பூசான் விமானத்தில் தலைக்கு மேலிருக்கும் பெட்டி அறையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் இறங்கித் தப்பினார்கள், விமானம் எரிந்துபோனது. பவர் பேங்க் பேட்டரியின் உள்காப்பு சிதைந்தது காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். லிதியம் செல் ஒருமுறை தன்போக்கில் சூடேறத் தொடங்கினால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொள்ளும். சரக்கு அறையில் இருக்கும் தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கும்; செல்லுக்குள் நடக்கும் அந்தச் சூட்டை நிறுத்தாது. இருக்கைப் பகுதியில் என்றால் பணிப்பெண்ணோ பக்கத்து இருக்கைக்காரரோ புகையைப் பார்த்துவிடுவார்கள், தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். செக்-இன் பெட்டியில் வைக்காதே என்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் பலர் கோட்டைவிடும் நேரம் ஒன்று உண்டு. விமானம் நிறைந்துவிட்டால், ஏறும் வாசலிலேயே கைப்பையை வாங்கிக் கீழே சரக்கு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அவசரத்தில் பைக்குள் பவர் பேங்க் இருப்பது மறந்துபோகும். பையைக் கொடுப்பதற்கு முன் அதை எடுத்துச் சட்டைப் பையிலோ தோள்பையிலோ போட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் வாட் ஹவர் அளவு அச்சிட்ட இருபதாயிரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஏற்கெனவே முப்பதாயிரம் வைத்திருப்பவர்கள் டிக்கெட் எடுத்த கையோடு, 111 வாட் ஹவர் என்ற எண்ணைச் சொல்லி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். சோதனை வரிசையில் நின்றுகொண்டு கேட்டால் கிடைக்காது.