எண்ணமா, கடமையா?

இரு பல்கலைக்கழகங்கள் போடும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் பெரும்பகுதி பொதுவாகச் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. ரகசியம் காத்தல் போன்ற ஓரிரு பிரிவுகள் மட்டும் கட்டுப்படுத்தலாம். மொழிபெயர்ப்பு இந்த எல்லையை அழித்துவிடக் கூடாது.

மாணவர் பரிமாற்றம் பற்றி ஆங்கில மூலம் ‘இன்டென்ட் டு’ என்கிறது என்று வையுங்கள். அதை ‘பரிமாறிக்கொள்ளும்’ என்று எழுதினால் வாக்குறுதியாகிவிடும். ‘நிதி கிடைப்பதைப் பொறுத்து, மாணவர்களைப் பரிமாறிக்கொள்ள இரு தரப்பும் எண்ணியுள்ளன’ என்பதே சரி. ‘மே’ வந்தால் ‘செய்யலாம்’ போதும். ரகசியப் பிரிவில் ‘ஷால் நாட்’ வந்தாலோ, ‘வெளியிடக் கூடாது’ என்று அழுத்தியே எழுத வேண்டும்; ‘வெளியிடாதிருக்க முயலும்’ என்று குழைந்தால் அதுவும் பிழைதான்.

முடித்தபின் வினைமுற்றுகளை மட்டும் மூலத்தோடு வரிசையாக ஒப்பிட்டால், எங்கே இறுகியது, எங்கே தளர்ந்தது என்று தெரிந்துவிடும்.