முண்ட் யாருடைய ஆள்?

பெர்லின் சுவர் எழுந்த இரண்டாவது ஆண்டில், 1963இல், ஜான் லெ காரேயின் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' நாவல் வெளிவந்தது. ஆசிரியரின் இயற்பெயர் டேவிட் கார்ன்வெல். அப்போது அவரே பிரிட்டிஷ் உளவுத்துறை அதிகாரி. அதே துறையின் ஜார்ஜ் பிளேக், சோவியத்துக்கு உளவு சொன்னதற்காக 1961இல் 42 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றிருந்தார்.

கதாநாயகன் லீமாஸ், பெர்லினில் பிரிட்டிஷ் உளவுப் பிரிவின் தலைவர். அவருடைய ஆட்களை ஒருவர் விடாமல் தீர்த்துக்கட்டியவர் கிழக்கு ஜெர்மனியின் முண்ட். பழிதீர்க்க லண்டன் ஒரு திட்டம் போடுகிறது. லீமாஸ் துரோகியாக நடித்து எதிரியிடம் போக வேண்டும். முண்ட் லண்டனின் கையாள் என்று அவர்களே முடிவுகட்டும்படி தகவல்களைக் கசியவிட வேண்டும். குடித்துச் சீரழிகிறார், வேலையை இழக்கிறார், மளிகைக்கடைக்காரரை அடித்துச் சிறைக்குப் போகிறார். எதிரி தேடி வருகிறான்.

லெ காரேயின் கெட்டிக்காரத்தனம் விசாரணைப் பகுதியில்தான் இருக்கிறது. பொய்ப் பெயர்களில் கோபன்ஹேகன், ஹெல்சின்கி வங்கிகளில் பணம் போட்டதாக லீமாஸ் சொல்கிறார். யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. முண்டுக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஃபீட்லர், "அது முண்டுக்குத்தான்" என்கிறார். லீமாஸோ மறுக்கிறார்: அப்படியோர் ஆள் இருந்திருந்தால், பெர்லின் தலைவரான தனக்குத் தெரியாமல் போயிருக்குமா? அந்த மறுப்பில் நடிப்பே இல்லை. மனதார நம்பித்தான் பேசுகிறார். வாசகரும் அவரோடு சேர்ந்து நம்புகிறார். நாடகத்தின் ரகசியம் ஏற்கெனவே நம் கையில் இருப்பதால், அதற்குள் இன்னொரு ரகசியம் இருக்கும் என்று தேடத் தோன்றுவதில்லை.

முண்ட் மீதான ரகசிய விசாரணையில் லீமாஸின் காதலி லிஸ் சாட்சியாக வருகிறாள். லண்டனிலிருந்து ஸ்மைலி தன்னைப் பார்க்க வந்ததையும், தன் வீட்டுக்கு யாரோ பணம் கட்டியதையும் ஒளிக்காமல் சொல்கிறாள். கைவிடப்பட்ட குடிகாரனின் காதலிக்கு லண்டன் ஏன் உதவ வேண்டும்? லீமாஸின் கதை அங்கேயே உடைகிறது. முண்ட் தப்புகிறார்; ஃபீட்லர் மாட்டுகிறார். அப்போதுதான் லீமாஸுக்கு உறைக்கிறது: முண்ட் உண்மையிலேயே லண்டனின் ஆள். அவரைச் சந்தேகித்த ஃபீட்லரை ஒழிக்கத்தான் இத்தனையும்.

தன் நாட்டுக்கு விசுவாசமாக இருந்த ஃபீட்லர் அழிகிறார். விலைபோன முண்ட் பிழைக்கிறார். லிஸ்ஸின் அன்பும் நேர்மையும் அவளுக்குத் தெரியாமலே ஆயுதமாகின்றன. லீமாஸ் யாருக்காகப் பொய் சொன்னாரோ, அவர்களே அவரிடம் பொய் சொல்லியிருந்தார்கள். இரட்டை உளவாளியைவிட அவரைக் காப்பாற்றிய அலுவலகம்தான் இந்த நாவலின் பெரிய துரோகி.

லெ காரேயும் இந்த வழக்கை மூடிவிடவில்லை. 2017இல் வெளிவந்த 'எ லெகசி ஆஃப் ஸ்பைஸ்' நாவலில், லீமாஸின் மகனும் லிஸ்ஸின் மகளும் பிரிட்டிஷ் உளவுத்துறையிடம் நியாயம் கேட்டு வருகிறார்கள்.