140 வாட் என்று சொல்லி 75 வாட் விற்றால்

கேம் விளையாடுவதற்கென்றே லேப்டாப் வாங்கியவர்கள் கடைக்கு அனுப்பும் புகார்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "கேம் லேக் ஆகிறது, விளம்பரத்தில் சொன்ன வேகம் இல்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள்." கடையின் பதிலும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்." சர்வீஸ் சென்டரில் ஒரு சோதனையை ஓட்டிப் பார்ப்பார்கள். திரை, மெமரி, கிராபிக்ஸ் சிப், ஃபேன் எல்லாம் சரியாகவே இயங்கும். "பழுது எதுவும் இல்லை" என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தாளைக் காட்டிக் கடைக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார்.

லேப்டாப் பழுதாகிவிட்டது என்று எழுதியதால் வரும் தோல்வி இது. உண்மையில் எதுவும் பழுதாகவில்லை. விற்கும்போது ஒரு பொருளைச் சொன்னார்கள், கைக்கு வேறொரு பொருள் வந்திருக்கிறது. அதைத்தான் கடிதம் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கு, கேமிங் லேப்டாப்பின் வேகம் எங்கே குறைகிறது என்பது வாங்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிராபிக்ஸ் சிப்பின் பெயரை மட்டும் பார்த்து லேப்டாப்பின் வேகத்தைத் தீர்மானிக்க முடியாது. என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பையே எடுத்துக்கொள்வோம். இதை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் லேப்டாப் தயாரிப்பாளர் அமைத்துக்கொள்ளலாம். பிராசசருக்கான மின்சாரத்திலிருந்து இன்னும் 25 வாட் வரை எடுத்துக் கொடுக்கும் வசதியும் உண்டு. விளம்பரங்களில் காணும் 140 வாட் என்ற எண் அப்படி வருவதுதான். மெல்லிய, எடை குறைந்த லேப்டாப்பில் வெப்பத்தை வெளியேற்ற இடம் போதாது என்பதால் வாட்டைக் குறைத்து வைப்பார்கள். முன்பெல்லாம் இப்படிக் குறைத்த சிப்புகளின் பெயரோடு மேக்ஸ்-கியூ என்ற அடையாளம் ஒட்டியிருந்தது. 2021-இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை லேப்டாப்புகள் வந்தபோது அது பெயரிலிருந்து போய்விட்டது. இப்போது 60 வாட் லேப்டாப்பிலும் 140 வாட் லேப்டாப்பிலும் ஒரே ஸ்டிக்கர்தான். வாங்குகிறவருக்கு இது பெரிய அநியாயம் என்பது என் கருத்து.

வாட் பாதியானால் வேகமும் பாதியாகும் என்று நினைக்க வேண்டாம். இந்தச் சிப்பில் 100 வாட்டைத் தாண்டிய பிறகு கிடைக்கும் கூடுதல் வேகம் மிகக் குறைவு. அதற்குக் கீழே இறங்க இறங்கத்தான் இழப்பு பளிச்சென்று தெரியும். ஆகவே "பாதி வேகம்தான் வருகிறது" என்று கோபத்தில் எழுதிவிட்டால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே கடைக்காரர் முழுக் கடிதத்தையும் மறுத்துவிடுவார்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். மதுரையில் ஒரு கல்லூரி மாணவர் இணையக் கடையில் 84,990 ரூபாய்க்கு ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையின் பக்கத்தில் இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன. ஒன்று, "140 வாட் கிராபிக்ஸ்". இன்னொன்று, ஒரு குறிப்பிட்ட கேமில், 1080பி திரையில், ஹை செட்டிங்கில் 100 எஃப்.பி.எஸ்., அதாவது நொடிக்கு 100 ஃப்ரேம். வாங்கி விளையாடினால் 80-ஐச் சுற்றியே நிற்கிறது.

அவர் முதலில் தன் பக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். சார்ஜர் செருகாமல் பேட்டரியில் ஓட்டினால் எந்தக் கேமிங் லேப்டாப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தயாரிப்பாளர் தந்திருக்கும் மென்பொருளில் சைலன்ட் மோட் போட்டிருந்தாலும் அப்படியே. சில லேப்டாப்புகளில் படம் பிராசசரின் உள் கிராபிக்ஸ் வழியாகத் திரைக்குப் போகும், அதனாலும் சில ஃப்ரேம்கள் குறையும். இரண்டு மெமரி பட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே இருந்தாலும் பல கேம்கள் தடுமாறும். நம் ஊருக்கே உரிய இன்னொன்றும் உண்டு. சித்திரை வெயிலில் ஃபேன் காற்று மட்டுமுள்ள அறையில், மெத்தைமேல் வைத்துச் சோதித்தால் சிப் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அந்த முடிவை ஆதாரமாகக் காட்டக் கூடாது. ஏசி அறையில், மேசைமேல் வைத்துச் சோதித்து, அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

விளம்பரத்தையும் மறுபடி வாசிக்க வேண்டும். 100 என்ற எண்ணின் தலைமேல் ஒரு நட்சத்திரக் குறி இருக்கலாம். அது பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஃப்ரேம் ஜெனரேஷனைச் சொல்லும். கேம் வரையாத ஃப்ரேம்களைச் சிப்பே இடையில் உருவாக்கிச் சேர்க்கும் வசதி அது. விளம்பரம் அதைப் போட்டு அளந்திருந்தால் நாமும் போட்டுத்தான் அளக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பதை 144 ஃப்ரேம் வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டும் பலர் புகார் எழுதுகிறார்கள். திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் என்பதுதான் அதன் பொருள், கேமின் வேகத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு மாணவர் அளக்கிறார். கேமிலேயே பெஞ்ச்மார்க் வசதி இருந்தால் அதுவே சிறந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே காட்சி ஓடுவதால் கடைக்காரரும் அதே சோதனையைச் செய்து பார்க்கலாம். மூன்று முறை ஓட்டியதில் 81, 80, 82 வருகிறது. கேம் ஓடும்போதே பின்னணியில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து இந்த வரியைக் கொடுக்கிறார்:

```
nvidia-smi --query-gpu=name,power.draw,temperature.gpu --format=csv -l 1
```

சிப்பின் பெயர், அது இழுக்கும் வாட், அதன் வெப்பம் மூன்றையும் நொடிக்கு ஒருமுறை திரையில் எழுதும் கட்டளை இது. வாட் எண் 74, 75 என்றே நிற்கிறது. வெப்பமோ 70 டிகிரியைத் தாண்டவில்லை. சூட்டினால் வேகம் குறையவில்லை, வரம்பே அங்குதான் வைக்கப்பட்டிருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கிறது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் System Information பக்கத்தைத் திறந்தால் Maximum Graphics Power என்ற இடத்தில் 75 W என்று இருக்கிறது. புகாரின் உயிர் இந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது. ஃப்ரேம் எண்ணைப் பற்றி ஆயிரம் வாதம் செய்யலாம். 140 என்று விற்ற பொருளில் 75 என்று எழுதியிருப்பதைப் பற்றி வாதம் செய்ய முடியாது.

கடையின் பக்கத்தை அன்றே பி.டி.எஃப். ஆகச் சேமித்துவிட வேண்டும், முகவரியும் தேதியும் தெரியும்படி. புகார் போனதும் பக்கத்தில் இருக்கும் எண்ணைத் திருத்திவிடுவது எளிது.

இனி கடிதம். பில்லில் விற்பனையாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு எழுத வேண்டும். இணையக் கடை என்றால் அதன் குறைதீர் அலுவலருக்கும் ஒரு பிரதி. ஒரு பக்கத்துக்குமேல் வேண்டாம். மாணவரின் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"தங்கள் பக்கத்தில் இந்த மாடலின் கிராபிக்ஸ் திறன் 140 வாட் என்று குறிப்பிட்டிருந்ததை நம்பி வாங்கினேன். எனக்கு வந்த லேப்டாப்பில் அதன் உச்ச வரம்பு 75 வாட். இணைப்பு 1 தங்கள் பக்கத்தின் பிரதி, இணைப்பு 2 லேப்டாப்பின் திரைப்படம். தாங்கள் குறிப்பிட்ட கேமில், குறிப்பிட்ட செட்டிங்கில், சார்ஜர் இணைத்து, உச்ச வேக மோடில், 26 டிகிரி அறையில் சோதித்தேன். கிடைத்த சராசரி 81 எஃப்.பி.எஸ். தாங்கள் கூறியது 100. லேப்டாப் பழுதானது என்று நான் கூறவில்லை. விவரித்த தன்மையில் பொருள் இல்லை என்பதே என் புகார். லேப்டாப்பைப் பெற்றுக்கொண்டு 84,990 ரூபாயை 15 நாட்களுக்குள் திருப்பித் தரக் கோருகிறேன். இயலாவிடில் 140 வாட் திறனுள்ள மாடலை மாற்றித் தரவும்."

'மோசடி', 'ஏமாற்று' போன்ற சொற்கள் இதில் இல்லை. அவை எழுதியவருக்கு ஆறுதல் தரும், வழக்குக்கு எதுவும் சேர்க்காது. பழுதில்லை என்று தானே எழுதிவிட்டதால் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும் பதிலுக்கும் இடமில்லை. அங்கே போய் "பழுது இல்லை" என்று ஜாப் ஷீட் வாங்கியிருந்தாலும் கவலை வேண்டாம், அதையும் இணைப்பில் சேர்க்கலாம். பழுது பார்த்துத் தீர்க்கக்கூடிய குறை இது இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

சட்டமும் இந்த வழியில்தான் நிற்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இன்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். "ஏழு நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது" என்பது கடை வைத்துக்கொண்ட விதி. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு ஆண்டு தருகிறது. கேமிங் சென்டர் நடத்த மொத்தமாக வாங்கியவருக்கு மட்டும் சிக்கல் வரும். வணிகத்துக்காக வாங்கியவரைச் சட்டம் பொதுவாக நுகர்வோராகக் கணக்கில் எடுப்பதில்லை.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அவர்களால் கடையைக் கட்டாயப்படுத்த முடியாது என்றாலும் பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே முடிகின்றன. அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கடை பெங்களூரில் இருந்தாலும் மதுரையிலேயே வழக்குத் தொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. தேவைப்பட்டால் பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. ஆகவே லேப்டாப்பைத் திறந்து மெமரி மாற்றுவது, சிப்பின் வரம்பை மென்பொருளால் திருத்துவது போன்ற எதையும் புகார் முடியும்வரை செய்யாதீர்கள்.

கடையில் நேரில் வாங்குகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. கிராபிக்ஸ் எத்தனை வாட் என்று கேளுங்கள். சொல்லும் எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் அந்த லேப்டாப்பை வாங்காதீர்கள்.